முதலிடத்துக்கு விலை உண்டா? கிரைண்டர் பட்டியலைப் படிக்கும் முறை

கேள்வி: ஐயா, மகளின் கல்யாணச் சீருக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்க வேண்டும். இணையதளம் ஒன்றில் ‘இந்த ஆண்டின் தலைசிறந்த 10 கிரைண்டர்கள்’ என்று வரிசை போட்டிருக்கிறார்கள். முதலிடத்தில் இருப்பது எங்கள் ஊர்க் கடைக்காரர் கேள்விப்படாத பெயர். அவர் சொல்லும் கோவைக் கிரைண்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இவர்கள் ஆட்டிப் பார்த்துத்தான் சொல்கிறார்களா, காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்களா? பக்கத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முழுப் பக்கத்தையும் படித்தேன், அம்மா. பத்துக் கிரைண்டரில் ஒன்றிலாவது ஒரு பிடி உளுந்து போட்டு ஆட்டியதற்கான அடையாளம் அதில் இல்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். அடுத்த முறை மிக்சிக்கோ வாஷிங் மெஷினுக்கோ நீங்களே இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், ஒருவர் கிரைண்டரை உண்மையிலேயே சோதித்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். எல்லாக் கிரைண்டரிலும் ஒரே அளவு போட்டிருப்பார். உதாரணமாக, ஒரே மூட்டையிலிருந்து எடுத்த அரை கிலோ இட்லி அரிசி, 125 கிராம் உளுந்து, ஒரே ஊறவைத்த நேரம். உளுந்து எத்தனை நிமிடத்தில் பொங்கியது, எந்தக் கிரைண்டரில் மாவு அதிகமாகக் கண்டது, ஆட்டி முடித்தபோது மாவு எவ்வளவு சூடாக இருந்தது, கல்லுக்கடியில் அரைபடாத பருப்பு தங்கியதா என்பதெல்லாம் வந்திருக்கும். பாதி ஆட்டும்போது மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், மாவு நிறைந்த டிரம் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்றும் பார்த்திருப்பார். நம் ஊரில் கிரைண்டர் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய கேள்வி அல்லவா?

அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன? ‘150 வாட் மோட்டார், 2 லிட்டர் டிரம், துருப்பிடிக்காத எஃகு’ என்று பெட்டியின் மேல் அச்சிட்ட விவரங்கள் மட்டும்தான். மின்மீட்டரை மாட்டி ஓட்டியவருக்கு, கிரைண்டர் காலியாக ஓடும்போது ஓர் எண்ணும், கெட்டி மாவோடு ஓடும்போது வேறோர் எண்ணும் தெரியும். அவர் அந்த இரண்டையும் எழுதியிருப்பார். பத்துக் கிரைண்டருக்கும் பெட்டியில் உள்ள எண் மட்டுமே இருக்கிறது என்றால் பெட்டியைத்தான் படித்திருக்கிறார்கள். அதுவும் பெட்டியைக் கையில் வாங்காமல், விற்பனைத் தளத்தில் வந்த விவரத்தைப் படித்திருக்கிறார்கள்.

குறைகள் பகுதியை எப்போதும் நிதானமாகப் படியுங்கள். பொய்ப் பட்டியல் அங்கேதான் சிக்கும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் முதலிடம் பெற்ற கிரைண்டரின் ஒரே குறை ‘சற்று கனமானது’. கருங்கல் வைத்த எந்தக் கிரைண்டர் கனம் இல்லாமல் இருக்கும்? இரண்டாமிடத்துக்கு ‘வண்ணங்கள் குறைவு’ என்கிறார்கள். யாருடைய விற்பனையையும் பாதிக்காத குறைகளாகத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆட்டிப் பார்த்தவர் எழுதும் குறை வாங்குகிறவரைத் தயங்க வைக்கும்: கைப்பிடி மூடியில் இடிக்கிறது, உருளைக்கல்லைக் கழற்றிக் கழுவுவது சிரமம், இரண்டு பேருக்குக் கொஞ்சமாகப் போட்டால் மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கல்லுக்குள் வருவதில்லை. அப்படி ஒரு வரிகூட அங்கே இல்லை.

மதிப்பெண்களும் அப்படித்தான். 9.8, 9.6, 9.5 என்று புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு எங்கும் இல்லை.

அடுத்து, பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தேன். ‘இப்போதே வாங்குங்கள்’ பொத்தானை அழுத்தாமல், அதன் மேல் விரலைச் சிறிது நேரம் வைத்திருந்தால் முகவரி தெரியும். அது இந்த வடிவத்தில் இருந்தது:

```
amazon.in/dp/...?tag=...-21
```

`tag=` என்பதற்குப் பின்னால் வருவது அந்த இணையதளத்தின் அடையாளம். அந்த வழியாகப் போய் நீங்கள் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன் போகும். இது சட்டவிரோதம் இல்லை. உண்மையாகச் சோதிக்கும் தளங்களும் இப்படிச் சம்பாதிக்கின்றன. ஆனால் அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தொடர்பை எளிதில் கண்ணில் படும்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ல் சமூக ஊடகங்களில் பரிந்துரை செய்வோருக்கு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தேன். நீங்கள் படித்தது தமிழ்ப் பக்கம். கமிஷன் பற்றிய அறிவிப்போ பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது.

உங்கள் கடைக்காரர் சொல்லும் கிரைண்டர் ஏன் இல்லை என்பதற்கும் இதுவே காரணம். பட்டியலில் உள்ள பத்தும் ஒரே விற்பனைத் தளத்தில் கிடைப்பவை. கோவைக் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லை வைத்து அதைச் செய்கிற சிறு தயாரிப்பாளர்கள் பலர் கடைகள் வழியாக மட்டுமே விற்கிறார்கள். அவர்கள் பொருளை எத்தனை பேர் வாங்கினாலும் அந்த இணையதளத்துக்கு ஒரு காசு வராது. அதனால் அது தலைசிறந்ததா, மோசமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒரு பட்டியலில் இல்லாததை வைத்தும் அதை எடைபோடலாம். நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

கமிஷன் வாங்குவது ஒன்று. ஒரு நிறுவனம் நேரடியாகப் பணம் கொடுத்து முதலிடத்தை வாங்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஆனாலும் தடயங்கள் கிடைக்கும். முதலிடக் கிரைண்டரைப் பற்றிய ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். சொல் மாறாமல் அதே வாக்கியம் தயாரிப்பாளரின் இணையதளத்திலும், இதேபோன்ற வேறு ‘தலைசிறந்த 10’ பட்டியல்களிலும் இருந்தது. அந்த ஒரு கிரைண்டரின் பொத்தான் மட்டும் விற்பனைத் தளத்துக்குப் போகாமல் தயாரிப்பாளரின் சொந்தக் கடைக்குப் போகிறது. கணினியில் `Ctrl+U` அழுத்திப் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தேன். அந்த இணைப்பில் `rel="sponsored"` என்று இருந்தது. பணம் சம்பந்தப்பட்ட இணைப்பை இப்படிக் குறிக்கச் சொல்லி 2019-ல் கூகுள் கேட்டுக்கொண்டது. தேடுபொறிக்குச் சொன்ன உண்மையை உங்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இருந்தாலும், கமிஷன் இணைப்புக்கும் இதே குறியைப் போடுவார்கள் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

கடைசியாக `web.archive.org` தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பழைய பிரதியைப் பார்த்தேன். முன்பு முதலிடத்தில் இருந்தது இப்போது ஆறாவது. இப்போதைய முதலிடம் அன்று பட்டியலிலேயே இல்லை. ஆறாவதுக்கு இறங்கிய கிரைண்டரைப் பற்றிய வர்ணனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கிறது. மறுபடி சோதித்ததால் கீழே போயிருந்தால், சோதனையில் கண்ட குறையை ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள்.

ஆக, சோதிக்கவில்லை என்பது உறுதி. கமிஷன் உண்டு என்பதும் உறுதி. முதலிடம் விலைக்குப் போனது என்பது வலுவான சந்தேகம். அதை இந்தத் தடயங்களால் நிரூபிக்க முடியாது.

நேர்மையான சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் 1964-ல் தொடங்கிய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அமைப்பு, சோதிக்கும் பொருளைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலத் தன்னை அறிவிக்காமல் கடையில் பணம் கொடுத்து வாங்குகிறது. நிறுவனம் பொறுக்கி அனுப்பிய பொருளாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே எந்தத் தளத்திலும் முதலில் தேட வேண்டிய வரி, அந்தப் பொருள் அவர்களிடம் எப்படி வந்தது என்பது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் அது இல்லை. மின்னஞ்சலில் கேட்டேன், பதிலும் இல்லை.

நல்ல சோதனைக்கும் எல்லை உண்டு. ஒரு வாரம் ஆட்டிப் பார்த்தவரால், இரண்டு ஆண்டு கழித்துக் கல் பொரியுமா, பெல்ட் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. அதற்கு உங்கள் தெருவில் அதே கிரைண்டரை வைத்திருப்பவரும், பழுது பார்க்கும் மெக்கானிக்கும்தான் சாட்சி. கடைக்காரருக்கும் ஒவ்வொரு பெயரிலும் ஒவ்வொரு லாபம் உண்டு, அதையும் மறக்க வேண்டாம். ஆனால் கடையில் உங்களால் மூடியைத் திறந்து கல்லைத் தடவிப் பார்க்க முடியும், ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்க முடியும், இந்த மாடலுக்குப் பெல்ட் கோபியிலேயே கிடைக்குமா என்று கேட்க முடியும். பெல்ட்டுக்கு ஈரோடு போக வேண்டும் என்றால் வேறு மாடலைப் பாருங்கள்.

கேள்வி: இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு வரிசை போடுகிறவர்கள் மீது புகார் கொடுக்க முடியுமா? டெல்லிக்குத்தான் எழுத வேண்டுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: முடியும், டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 17-வது பிரிவின்படி, தவறான விளம்பரம் பற்றிய புகாரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புவதைப் போலவே மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருப்பூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகவே கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். விளம்பரம் தவறானது என்று முடிவானால், தயாரிப்பாளருக்கோ பரிந்துரைத்தவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு 21-வது பிரிவு அதிகாரம் தருகிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பரிந்துரைத்தவர் அந்தக் கூற்றைச் சரிபார்க்க உரிய கவனம் எடுத்திருந்தால் அவருக்குத் தண்டனை இல்லை. ஆகவே உங்கள் மனுவில் ‘காசு வாங்கினார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சோதித்தோம் என்கிறார்கள், சோதித்ததற்கு இன்னின்ன அடையாளம் இல்லை’ என்று எழுதுங்கள்.

புகார் கொடுப்பதற்கு முன்பே பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். `web.archive.org` தளத்தில் Save Page Now என்ற இடத்தில் முகவரியைக் கொடுத்தால் அங்கும் ஒரு பிரதி பதிவாகும். புகார் போனது தெரிந்தால் முதலில் மறைவது அந்தப் பக்கம்தான். உங்கள் சொந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது தனி வழக்கு. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.