ஜேட் செடியின் இலை சுருங்குவது தாகத்தாலா, வேர் அழுகலாலா?

"என் ஜேட் செடியின் இலைகள் சுருங்கி உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா, வேரில் கோளாறா?"

ஜேட், தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கும் தென்னாப்பிரிக்கச் செடி. வேரிலிருந்து நீர் வராதபோது அந்தச் சேமிப்பு கரைந்து இலை சுருங்குகிறது. மண் காய்ந்திருந்தாலும், ஈர மண்ணில் காற்றின்றி வேர் அழுகியிருந்தாலும் இலைக்கு நீர் வருவதில்லை என்பதால், இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலைப் போட்டால், இளநீர் நிறைய இருந்தும் வாய்க்கு வராதல்லவா? அழுகிய வேரும் அப்படித்தான்.

எனவே முதலில் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். குச்சி உலர்ந்து வந்து, இலை மெலிந்து வளைந்தாலும் தண்டு கெட்டியாக இருந்தால், அது தாகம். நன்றாக நீர் ஊற்றினால் சில நாட்களில் இலை மீண்டும் பருக்கும். குச்சியில் ஈரமண் ஒட்டியிருக்க, இலைகள் மஞ்சளாகிக் கொழகொழத்து, தொட்டவுடன் உதிர்ந்தால், தாமதிக்காமல் செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, நசுங்கி, நாற்றமடிக்கும். அதை வெட்டி நீக்கி, சில நாட்கள் நிழலில் காயவிட்டு, பருமணல் கலந்த உலர்மண்ணில் நடுங்கள். அடித்தண்டே மெத்தென்றாகிவிட்டால் வேர்களைக் காப்பது அரிது. கெட்டியான கிளையொன்றை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் நடுவதே வழி.

சுருங்கிய இலை என்றாலே தண்ணீர் கேட்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள்; ஈரமண்ணில் நிற்கும் செடிக்கு அந்தத் தண்ணீரே அழுகலை வளர்க்கிறது.