சிஓடி பார்சலையும் ரிட்டர்னையும் ஒரே கணக்குல எண்ணாதீங்க

கேள்வி: அண்ணா, சுங்கை சிப்புட்ல வீட்டுல இருந்தே ஆன்லைன் கடை நடத்துறேன். பஞ்சாபி சூட் 200 ஆர்டர் போச்சு, 60 திரும்பி வந்துடுச்சு. சில்வர் பாத்திரம் 100ல 14தான் வந்துச்சு. சூட்டை நிறுத்திட்டு பாத்திரம் மட்டும் வச்சுக்கலாமா?

பதில்: இப்பவே நிறுத்தாதீங்க தங்கச்சி. நீங்க அனுப்பின ஆர்டர் லிஸ்ட்டை வரிவரியா பாத்தேன், அந்த 60ல 48 பார்சல் பிரிக்கவே இல்லாம வந்திருக்கு, நீங்க ஒட்டின டேப் அப்படியே இருக்குன்னு நீங்களே பக்கத்துல எழுதி வச்சிருக்கீங்க. துணியைப் பாக்காதவங்க துணி பிடிக்கலைன்னு எப்படி சொல்ல முடியும்? அது சூட்டோட ரிட்டர்ன் இல்ல, பார்சல் வாசலுக்கு வந்த பிறகு காசு கொடுக்குற சிஓடியோட ரிட்டர்ன்.

ரெண்டையும் தனித்தனியா எண்ணணும், வகுக்குற எண்ணும் வேற வேற. வாசல்ல வாங்காம போனதை அனுப்பின சிஓடி ஆர்டரால வகுங்க, பிரிச்சுப் பாத்துட்டு திருப்பி அனுப்பினதை கைக்கு போய் சேர்ந்த பார்சலால மட்டும் வகுங்க. சூட் 200ல 160 சிஓடி, அதுல 48 வாங்கல, அதாவது 30 சதவீதம். மிச்சம் 152 கைக்கு போயிருக்கு, அதுல 12தான் அளவு சரியில்ல கலர் வேறன்னு வந்திருக்கு, கிட்டத்தட்ட 8 சதவீதம்.

இப்ப பாத்திரத்துக்கு வாங்க. 100ல சிஓடி வெறும் 20, மத்தவங்க எல்லாம் டியூட்நவ்ல முன்னாடியே காசு போட்டுட்டாங்க. வாசல்ல நின்னது 4, கைக்கு போன 96ல நசுங்கிடுச்சுன்னு திரும்பினது 10, அதாவது 10 சதவீதத்துக்கு மேல. சூட்டை விட பாத்திரத்துலதான் பொருள் குறை அதிகம், உங்க கணக்குல அது தெரியாம போனதுக்கு காரணம் சூட் வாங்குறவங்க பெரும்பாலும் சிஓடி எடுக்குறாங்க, அவ்வளவுதான். நஷ்டமும் ஒரே மாதிரி இல்ல, பிரிக்காத சூட்டை நாளைக்கே வேற ஆளுக்கு அனுப்பலாம், உங்களுக்குப் போனது கொரியர் காசு மட்டும். நசுங்கின சட்டியை யாருக்கு விக்கிறது?

ஆனா அந்த 48 பேருமே காசு இல்லாததாலதான் வாங்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். சிலர் நடுவுல மனசு மாறியிருப்பாங்க, சந்தேகத்தோட ஆர்டர் போட்டவங்க வாசல்லயே ஒதுங்கிட்டா பிரிச்சுப் பாத்து திருப்புறவங்க எண்ணிக்கை குறைஞ்சுதான் தெரியும். அதனால முன்பணம் கட்டினவங்களை மட்டும் தனியா பாருங்க. சூட்ல 40 பேர்ல 3, பாத்திரத்துல 80 பேர்ல 8, இதுலயும் பாத்திரம்தான் மேல இருக்கு. ஒண்ணு மட்டும், 40ங்கிறது சின்ன எண்ணிக்கை, இன்னும் ஒருத்தர் திருப்பினாலே 7.5 சதவீதம் 10 ஆயிடும், அதனால சூட் நல்லா இருக்குன்னு முடிவு கட்ட இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுங்க.

எக்செல்ல ஒவ்வொரு ஆர்டருக்கும் மூணு நெடுவரிசை போதும்: B ல பொருள், C ல காசு கட்டின விதம், D ல என்ன ஆச்சு. சூட்டுக்கு B ல `suit`, சிஓடிக்கு C ல `COD`, D ல பிரிக்காம வந்ததுக்கு `unopened`, பிரிச்சு வந்ததுக்கு `opened`னு அடிங்க. சூட்டுக்கு வாசல்ல நின்ன வீதம் இதுல வந்துடும்:

```
=COUNTIFS(B:B,"suit",C:C,"COD",D:D,"unopened")/COUNTIFS(B:B,"suit",C:C,"COD")
```

பார்சல் திரும்பி வந்த தேதியை வச்சு மாசக் கணக்கு போடாதீங்க, ஆர்டர் போட்ட மாசத்துலயே சேருங்க. சிஓடி பார்சல் ரெண்டு மூணு தடவை கொண்டு போய் காட்டி, டிப்போல கிடந்து, அப்புறம்தான் நம்மகிட்ட வரும், தீபாவளிக்கு முன்னாடி போனது தீபாவளி முடிஞ்சு வந்து அடுத்த மாசத்தைக் கெடுத்துடும்.

உங்க லிஸ்ட்ல இன்னொண்ணு என் கண்ணுல பட்டுச்சு. அந்த 48ல 31 பார்சல் 20ம் தேதிக்கு மேல அனுப்பினது. தோட்டத்துல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு மாசக் கடைசியில கையில காசு இருக்காது, 1955ம் வருஷ வேலைச் சட்டப்படி சம்பள காலம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் கொடுத்தா போதும், அதனால 7ம் தேதி வரைக்கும் பல வீட்டுல இழுபறிதான். பகல்ல ரைடர் போன் அடிக்கிற நேரம் அக்கா செம்பனைக் காட்டுக்குள்ள இருப்பாங்க, லைன் கிடைக்காது, லயத்துல வயசான அம்மா மட்டும், அவங்க கையில 89 ரிங்கிட் எப்படி இருக்கும்? அந்த மாதிரி விலாசத்துக்கு முதல்லயே ஒரு வாட்சப் போட்டு "சம்பளம் வந்த பிறகு அனுப்பட்டுமா அக்கா, 8ம் தேதி சரியா?"ன்னு கேளுங்க, பதில் வந்த பிறகு பேக் பண்ணுங்க. பாத்திரத்துக்கு முதல்ல பெட்டியை மாத்துங்க, சட்டிக்குள்ளயும் பழைய பேப்பர் அடைச்சு அனுப்புங்க.