காரா, விமானமா: உற்பத்தி வாய்ப்பு வளைகோடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு விமானம் செய்ததே, அப்போது வளைகோடே நகர்ந்ததா, இல்லை நாடு வளைகோட்டின்மேல் நகர்ந்ததா?

பதில்: இருக்கும் வளங்களை முழுதும் பயன்படுத்தினால் இரண்டு பொருள்களில் எதை எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் காட்டும் கோடே உற்பத்தி வாய்ப்பு வளைகோடு. நீங்கள் கேட்ட இரண்டும் நடந்தன, அவற்றுக்கு முன்பு வேறொன்றும் நடந்தது. 1940-இல் அங்கே வேலையின்மை ஏறத்தாழ 14.6 விழுக்காடாக இருந்ததால், நாடு வளைகோட்டுக்கு உட்புறத்தில் நின்றது. அந்நிலையில், சும்மா கிடந்த ஆட்களையும் ஆலைகளையும் பயன்படுத்தியே காரையும் விமானத்தையும் ஒருசேரக் கூட்ட முடிந்தது. இது உள்ளிருந்து வளைகோட்டை நோக்கிச் செல்வதே தவிர, வளைகோட்டின் இடப்பெயர்ச்சி அன்று.

1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, காருக்குச் சென்றுகொண்டிருந்த உழைப்பும் உலோகமும் போர்த்தளவாடங்களுக்குத் திரும்பின. ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறும் இதுவே வளைகோட்டின்மேல் நகர்தல்.

இடப்பெயர்ச்சியை ரப்பரில் காணலாம். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியதும், அமெரிக்காவுக்குக் கிடைத்துவந்த இயற்கை ரப்பரின் பெரும்பகுதி நின்றுபோனது. எவர் என்ன முடிவெடுத்தாலும், முன்பு எட்டக்கூடியதாயிருந்த சில அளவுகள் இனி எட்டாதவை ஆயின. வளைகோடு உள்நோக்கி வந்தது. டயரை அதிகம் வேண்டும் காரின் பக்கத்தில் அது கூடுதலாகச் சுருங்கியிருக்கும் என்பதே என் கருத்து. பிறகு செயற்கை ரப்பர் ஆலைகள் எழுந்தபோது அது மீண்டும் வெளிநோக்கிச் சென்றது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): உற்பத்தி பெருகப் பெருக ஆலை நெரிசலாகித் திணறுவதால்தான் வளைகோடு வெளிப்புறமாகப் புடைக்கிறது என்று கற்பிக்கிறேன். சரிதானே?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதும் ஒரு காரணம், ஆனால் எந்த ஆலையிலும் நெரிசல் இல்லாவிட்டாலும் வளைகோடு புடைக்கக்கூடும். வளங்கள் எல்லா வேலைக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை என்பதே அடிப்படை. கணக்கிற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். விமானமே செய்யாவிட்டால் 100 கார்கள் கிடைக்கும். முதல் 10 விமானங்களுக்கு, அலுமினியத் தகட்டு வேலையும் விமான எஞ்சினும் அறிந்தவர்களை முதலில் அனுப்புவோம். கார்ப் பட்டறையில் அவர்களால் பெரும்பயன் இல்லாததால் 5 கார்கள்தாம் குறையும். அடுத்த 10 விமானங்களுக்கு 12 கார்கள், அதற்கடுத்த பத்துக்கு 28 கார்கள் போகும். கடைசிப் பத்துக்கோ, காரின் கூட்டை அழுத்தி உருவாக்கும் பேரச்சுகளையும் அவற்றில் கைதேர்ந்தவர்களையும்கூட இழுத்துவர வேண்டியிருப்பதால், எஞ்சிய 55 கார்களும் போய்விடும். ஒன்றைப் பெற விட்டுக்கொடுக்கும் மற்றொன்றே வாய்ப்புச் செலவு. இந்த 5, 12, 28, 55 என்னும் ஏற்றம்தான் அந்தச் செலவின் ஏற்றம்; அதை வரைந்தால் கோடு தானாகவே புடைத்துக்கொள்ளும். எல்லா வளமும் இரண்டு வேலைக்கும் சமமாகப் பொருந்தி, உற்பத்தியும் உள்ளீட்டுக்கு நேர்விகிதத்தில் பெருகினால் நேர்கோடே கிடைக்கும்.

கேள்வி (தையலகம் நடத்துபவர்): எங்கள் கடையில் பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைக்கிறோம். ரவிக்கைக் கூலி ஏறியதால் அதை அதிகம் தைக்கிறோம். அப்படியானால் எங்கள் வளைகோடு வெளியே போய்விட்டது அல்லவா?

பதில்: இல்லை அம்மா. கூலி ஏறியதால் உங்கள் ஆட்களோ பொறிகளோ நேரமோ கூடவில்லை. எந்தப் புள்ளியில் நிற்பது இலாபம் என்பதுதான் மாறியது. சீருடை எண்ணிக்கை குறைந்திருந்தால், நீங்கள் வளைகோட்டின்மேல் நகர்ந்ததற்கு அதுவே அடையாளம். புதிய பொறி வாங்கி, சீருடையைக் குறைக்காமலே ரவிக்கையைக் கூட்டினீர்கள் என்றால், முன்பு உங்கள் பொறியோ ஆளோ சும்மா இருந்ததில்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்பு, இடப்பெயர்ச்சி என்று சொல்லலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர்): மிச்சிகனின் வில்லோ ரன் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் பி-24 விமானங்களைச் செய்தபோது முதலில் திணறியது, 1944-இல் உச்சத்தில் மணிக்கு ஒன்று என்னும் அளவை எட்டியது. எண்ணிக்கை கூடக் கூட ஒரு விமானத்துக்கான உழைப்பு குறைந்ததே. உங்கள் ஏறும் செலவு எங்கே?

பதில்: மிக வலுவான எதிர்வாதம் இது. ஒரு வளைகோடு ஒரு காலத்தின் திறனை மட்டுமே காட்டும். தொழிலாளர் பழகியதால் உழைப்பு குறைந்தது என்றால், அது காலப்போக்கில் வளைகோடே விமானப் பக்கமாக விரிந்ததாகும். ஒவ்வொரு புதிய வளைகோடும் புடைத்தே இருக்கலாம். ஆனால் வில்லோ ரன்னில் பழக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. விலையுயர்ந்த எஃகு அச்சுகளின் செலவு பல விமானங்கள்மீது பரவியது. அது பேரளவு உற்பத்தியின் சிக்கனம். அத்தகைய சிக்கனம் வலுவாக இருக்கும் பகுதியில் வளைகோடு உட்புறமாகக் குழியவும் கூடும். அங்கே எது எவ்வளவு பங்காற்றியது என்பதை மொத்த எண்ணிக்கைகளை மட்டும் கொண்டு பிரித்துவிட முடியாது. வடிவமைப்பை அடிக்கடி மாற்றியதும் அச்சுகளைத் திருத்தியதும் அதே மாதங்களில் நடந்தன.