ஹெட்ஹன்டருக்கு அரைப் பக்கம்: எதை எழுதுவது, எதை விடுவது

சம்மாந்துறையிலிருந்து ஒரு பொது முகாமையாளர்: மூன்று நெல் ஆலைகள் உள்ள குடும்ப நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். கொழும்பிலுள்ள ஓர் ஆள்தேடல் நிறுவனம், 'உங்கள் பொறுப்பையும் பெறுபேறுகளையும் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டது. எழுதினால் இரண்டு பக்கம் வந்துவிட்டது. 'இரண்டு வருடத்தில் விற்பனையை 81 சதவீதம் உயர்த்தினேன்' என்று தொடங்கியிருக்கிறேன். எதை வெட்டலாம்?

முதலில் அந்தத் தொடக்க வரியை வெட்டுங்கள். நீளத்தைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, அரிசி விற்பனை 2020/21 இல் 1,300 மில்லியன் ரூபாய், 2022/23 இல் 2,350 மில்லியன். 81 சதவீதம் சரிதான். ஆனால் அதே தாளின் கீழே, குற்றிய நெல் 21,000 மெட்ரிக் தொன்னிலிருந்து 19,000 ஆகக் குறைந்திருக்கிறது. தேறிய அரிசி முதல் வருடம் 13,230 தொன், கடைசி வருடம் 12,350 தொன். விற்பனையைத் தொன்னால் பிரித்துப் பாருங்கள்: கிலோவுக்கு 98 ரூபாயாக இருந்தது 190 ரூபாயாகியிருக்கிறது. உயர்ந்தது விலை. விற்ற அரிசி குறைந்துதான் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்ததும், அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டதும் கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டு வருடத்தையும் தாண்டிச் செல்லும் எந்த ரூபாய் வளர்ச்சியையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் வரியில் சந்தேகம் விழுந்தால் மற்ற வரிகளையும் அதே கண்ணால்தான் படிப்பார்.

இதில் வருத்தம் என்னவென்றால், உங்களிடம் உண்மையான பெறுபேறு ஒன்று இருக்கிறது, அதை இரண்டாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நூறு கிலோ நெல்லுக்கு 63 கிலோ அரிசி தேறிய இடத்தில் இப்போது 65 கிலோ தேறுகிறது. 19,000 தொன்னில் இரண்டு சதவீதம் 380 தொன். கிலோ 190 ரூபாய்ப்படி வருடத்துக்கு 72 மில்லியன் ரூபாய். விலை ஏறியதால் வந்த காசல்ல, ஆலைக்குள் வேலை செய்த விதத்தால் வந்தது. நெல் குறைந்ததையும் மறைக்க வேண்டாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த பிறகு வந்த பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்று நாடே அறியும். அப்படியான காலத்தில் 19,000 தொன் வாங்கினேன் என்பது தலைகுனிய வேண்டிய எண்ணல்ல.

பொறுப்பின் அளவைச் சொல்ல மூன்று நான்கு வரி போதும்: யாருக்குப் பதில் சொல்கிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு பணம், எதை யாரிடமும் கேட்காமல் தீர்மானிக்கலாம். கடைசியானதைத்தான் அநேகர் விட்டுவிடுவார்கள். 'பொது முகாமையாளர்' என்ற பதவிப் பெயர் ஓர் இடத்தில் காசோலையில் கையெழுத்து வைப்பவரைக் குறிக்கும், இன்னோர் இடத்தில் முதலாளியின் மூத்த மகனிடம் கேட்டுச் செய்பவரைக் குறிக்கும். பெயரைப் பார்த்து அவரால் வித்தியாசம் காண முடியாது. உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்து எழுதினால் குறிப்பு இப்படி வரும் (அனுப்புவது ஆங்கிலத்தில்தான், விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்):

> பொது முகாமையாளர், 2019 முதல். தலைவருக்கு நேரடியாகப் பதிலளிக்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் மூன்று நெல் ஆலைகள், நிரந்தர ஊழியர் 164, போக காலத்தில் மேலும் 90 வரை. என் கீழ் நேரடியாக 7 முகாமையாளர்கள்.
>
> 2022/23 அரிசி விற்பனை 2,350 மில்லியன் ரூபாய் (12,350 தொன்). நெல் கொள்வனவு விலையை நாளாந்தம் நானே தீர்மானிக்கிறேன். மூலதனச் செலவு 5 மில்லியன் வரை என் கையெழுத்தில். ஏற்றுமதியும் சில்லறைப் பொதி விற்பனையும் என் பொறுப்பில் இல்லை.
>
> 2020/21 இலிருந்து 2022/23 வரை: அரிசி தேறும் வீதம் 63 இலிருந்து 65 சதவீதம் (14 சதவீத ஈரப்பதத்துக்குச் சீராக்கிய நெல் நிறையில்). 2022/23 விலையில் வருடத்துக்கு ஏறத்தாழ 72 மில்லியன் ரூபாய். ரப்பர் ரோலர் மாற்றும் கால அட்டவணையும், அவித்த நெல்லை இரு கட்டமாக உலர்த்துவதும் இதற்குக் காரணம். இரண்டையும் நான் தொடங்கினேன், செயற்படுத்தியவர் ஆலைப் பொறியியலாளர்.
>
> தேடுவது: விவசாய உற்பத்தி அல்லது உணவுப் பதனிடலில் செயற்பாட்டுப் பணிப்பாளர் நிலை. கிழக்கிலோ கொழும்பிலோ. மூன்று மாத முன்னறிவித்தல்.

ஈரப்பதம் பற்றிய அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடாதீர்கள். முதல் வருடம் வாசலில் வந்த ஈர நெல்லை நிறுத்து, பிந்திய வருடம் உலர்ந்த நெல்லை நிறுத்திருந்தால், ஆலையில் ஒரு ஆணியைக்கூட மாற்றாமலே வீதம் ஏறிவிடும். தொழில் தெரிந்த ஒருவர் நேர்முகத்தில் முதலில் கேட்கப் போவது அதைத்தான். உங்கள் நிறுவைப் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்கும் ஈரப்பத அளவு இல்லையென்றால், சீராக்கிக் கணக்கிட்டதாக எழுதவும் வேண்டாம். 'வாசல் நிறையில்' என்று உள்ளதை எழுதுங்கள். அதுவும் மதிப்பான பதில்தான். சம்பாவும் நாட்டரிசியும் கலந்த விகிதம் இரண்டு வருடத்திலும் ஒன்றாக இருந்ததா என்பதையும் அனுப்ப முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஏற்றுமதி என் பொறுப்பில் இல்லை' என்ற வரி பலருக்கு உறுத்தும். தன்னைத்தானே ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்தாத மூன்று நேர்முகங்களுக்குக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வருவதைவிட அந்த ஒரு வரி மலிவு.

பாசிக்குடாவிலிருந்து, ஹோட்டல் செயற்பாடுகளுக்குப் பொறுப்பானவர்: எங்கள் இலாப எண்கள் வெளியே போகக்கூடாதவை. அவற்றை எழுதாமல் பெறுபேறு காட்டுவது எப்படி? இந்தக் குறிப்பு என் முதலாளியிடமே போய்ச் சேருமா?

இலாபத் தொகையை எழுதத் தேவையில்லை. அறைகளின் எண்ணிக்கை, வருடத்தில் நிரம்பிய அறை வீதம், ஒரு அறைக்கு எத்தனை ஊழியர் என்பவை உங்கள் அளவைச் சொல்லிவிடும். இலாபத்தை விகிதமாகவோ, 'தொடக்க வருடம் 100 என்றால் இப்போது 128' என்ற சுட்டெண்ணாகவோ காட்டலாம். எந்த வருடத்தை 100 ஆக எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய வருடத்தையோ 2020ஐயோ அடிப்படையாக வைத்தால் யாருடைய ஹோட்டலும் பெரிய வளர்ச்சி காட்டும். பாசிக்குடாவில் பருவக்காற்று மாதங்களில் அறைகள் காலியாகும். ஆகவே ஓகஸ்ட் எண்ணை மட்டும் காட்டுவதும் அதே வகைதான்.

உங்கள் கம்பனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதென்றால் இன்னும் வெளியிடாத காலாண்டு எண் எதையும் தொடாதீர்கள். வெளியான ஆண்டறிக்கையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

முதலாளியிடம் போகுமா என்ற பயம் நியாயமானது. ஆள்தேடல் நிறுவனத்துக்குக் காசு கொடுப்பது கம்பனி. உங்கள் கம்பனியும் அவர்களுடைய வாடிக்கையாளராக இருக்கலாம். அப்படியிருந்தால், தமது வாடிக்கையாளரிடமிருந்து ஆளை எடுப்பதில்லை என்ற உடன்பாட்டால் அவர்களே உங்களை வேறிடத்துக்குச் சிபாரிசு செய்யாமலும் விடலாம். அதனால் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: 'இன்னார் உங்கள் வாடிக்கையாளரா?' குறிப்பின் மேலே ஒரு வரி போடுங்கள்: 'என்னிடம் கேட்டு எழுத்தில் சம்மதம் பெறாமல் எந்தக் கம்பனிக்கும் கொடுக்க வேண்டாம்.' அலுவலக மின்னஞ்சலில் இருந்து அனுப்பாதீர்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

மட்டக்களப்பு நகரிலிருந்து, தொண்டு நிறுவனப் பணிப்பாளர்: எங்களுக்கு விற்பனையும் இல்லை, இலாபமும் இல்லை. '48,000 பயனாளிகள்' என்று எழுதினால் போதுமா?

போதாது. பயனாளி எண்ணிக்கை ஆள்தேடுபவருக்கு உங்கள் பொறுப்பின் பாரத்தைச் சொல்லாது. ஒரு நாள் பயிற்சிக்கு வந்தவரும் கிணறு கட்டிக் கொடுக்கப்பட்ட குடும்பமும் அதில் ஒன்றாக எண்ணப்படும். அதுமட்டுமல்ல, ஒரே குடும்பத்தை மூன்று திட்டங்களில் மூன்று தடவை எண்ணுவதும் நம் ஊரில் வழக்கம்.

வருடச் செலவைப் போடுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள்: நான்கு வருடத் திட்டத்தின் மொத்தமான 600 மில்லியனை 'என் பாதீடு' என்று எழுதிவிடுவார்கள். வருடத்துக்கு அது 150 மில்லியன்தான். அந்த 150 இல் பங்காளி அமைப்புகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பது எவ்வளவு, உங்கள் ஆட்களே செலவிடுவது எவ்வளவு என்று பிரித்தால் இன்னும் தெளிவு. பிறகு நன்கொடையாளர் எத்தனை பேர், எத்தனை மாவட்டம், ஊழியர் எத்தனை.

பெறுபேறுக்கு மூன்று எண் போதும்: ஒதுக்கிய பணத்தில் காலத்துக்குள் செலவிட்ட வீதம், இரண்டாம் தடவையும் நிதி தந்த நன்கொடையாளர் எத்தனை, வெளிக் கணக்காய்வில் வந்த குறைகள் எத்தனை. கணக்காய்வில் ஒரு குறை வந்து அதைத் திருத்தியிருந்தால், அதை ஒரே வரியில் எழுதுவது 'குறையே இல்லை' என்பதைவிட நம்பத் தகுந்ததாக இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய் கட்டினால் வளைகுடாவில் பணிப்பாளர் பதவிக்கு என் குறிப்பைச் சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா? சம்பளத்தை எழுதலாமா?

கட்ட வேண்டாம். மேல்மட்டப் பதவிகளுக்கு ஆள் தேடும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கம்பனியிடம் வாங்கும். வழக்கமாகத் தெரிவானவரின் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அவ்வளவு வாங்குபவர் உங்களிடம் 25,000 ரூபாய்க்கு வந்து நிற்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலையென்றால் அவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள்.

சம்பளத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம். கேட்டால் தொலைபேசியில் உண்மையைச் சொல்லுங்கள். வாகனம், எரிபொருள், ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றைக் கையில் வரும் சம்பளத்தோடு கலக்காமல் தனித்தனியாகச் சொல்லுங்கள். கலந்து சொன்ன தொகை சம்பளத் துண்டைக் காட்டும்போது சுருங்கிவிடும்.

ஏறாவூரிலிருந்து: குறிப்பு அனுப்பி மூன்று கிழமை. பதிலே இல்லை. திரும்ப அனுப்பவா?

அதையே திரும்ப அனுப்ப வேண்டாம். அவர்கள் கையில் அந்த நேரம் உள்ள பதவிகளுக்குப் பொருந்தினால்தான் கூப்பிடுவார்கள். மற்றவை தரவுத்தளத்தில் போய்க் கிடக்கும். பிறகு பதவி வரும்போது சொல்லைக் கொடுத்துத் தேடுவார்கள். அதனால் 'தலைமை ஒருங்கிணைப்பாளர்' போன்ற, உங்கள் கம்பனிக்குள் மட்டும் விளங்கும் பதவிப் பெயரை அப்படியே விட்டுவிடாமல், அதன் பக்கத்தில் வெளியே வழங்கும் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். 'விநியோகச் சங்கிலி முகாமையாளர்' என்று தேடுபவருக்கு ஒருங்கிணைப்பாளர் அகப்பட மாட்டார்.

பொறுப்பு மாறினாலோ கணக்காய்வு முடிந்த புதிய வருட எண் வந்தாலோ, மாறிய இரண்டு வரிகளை மேலே வைத்துப் பழைய குறிப்போடு அனுப்புங்கள். அது தொல்லையாகப் படாது.