குன்னூரில் நின்றே கிடந்த பெட்ரோல் கார்: இ20 காலத்தில் வாங்கலாமா?

கேள்வி: "குன்னூரில் 2011 மாடல் பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. ஓட்டம் குறைவு, பெரும்பாலும் வீட்டில்தான் நின்றது என்கிறார்கள். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தானே, நம்பி வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் எனக்கு உறுத்துவது அந்த "நின்றது"தான். 2011 மாடல் இன்ஜெக்ஷன் வண்டி. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அதன் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும், அதனால் இ20-யில் ஓடிவிடும். மைலேஜ் சற்றுக் குறையும்.

நிற்கிற வண்டியின் கதை வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கில் நிற்கும் வண்டிக்குள் மலைப் பனியின் ஈரக்காற்று போய்ப்போய் வரும். ஓரளவு தண்ணீரைப் பெட்ரோல் தன்னோடு கரைத்தே வைத்திருக்கும். அளவு மீறினாலோ குளிர் கூடினாலோ தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

அதனால் காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். மெக்கானிக்கை வைத்துப் பம்ப் லைனிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. பாட்டிலை வெளிக் குளிரிலேயே அரை மணி நேரம் வையுங்கள், வீட்டுச் சூட்டில் பிரிந்தது மறுபடி கலந்துவிடக்கூடும். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ மொத்தமும் கலங்கியிருந்தாலோ டேங்கைக் காலி செய்து கழுவியாக வேண்டும். பழுப்புத் தூள் படிந்தால் அது துரு. இரும்பு டேங்க் என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அடுத்தது ரப்பர். எஞ்சின் அறையில் பியூல் ஹோஸை விரலால் அழுத்துங்கள். விறைத்து வெடித்திருந்தாலோ, ஊறி உப்பியிருந்தாலோ, கிளாம்ப் அருகே பெட்ரோல் வாசம் வந்தாலோ மாற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் அழுத்தத்தையும் எத்தனாலையும் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், சாதா ஹோஸ் ஆகாது.

அப்புறம் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பழைய டேங்கில் ஒட்டிய கசடை எத்தனால் கரைத்து பில்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடைத்த பில்டர் சமதளத்தில் தெரியாது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் இழுக்காமல் திணறும்போது தெரியும். ஸ்கேனர் மாட்டி, கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏழெட்டு சதவீதம் வரை கூட்டல் இ20-க்கு இயல்பு. பதினைந்தைத் தாண்டினால் பில்டரோ பம்போ காற்றுக் கசிவோ என்று தேட வேண்டும்.

பில்டர், ஹோஸ், டேங்க் கழுவும் கூலி மூன்றையும் விசாரித்து, அந்தத் தொகையைச் சொன்ன விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கிய பிறகு நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். ஈரக்காற்று புக இடம் குறையும்.