சரக்குக் கேள்விகள்: முதலில் அலமாரியை எண்ணுங்கள்

இந்த முறை வந்தவை எல்லாமே மளிகைக் கடைக் கடிதங்கள்.

ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் வாரம் தவறாமல் தீர்ந்துபோகிறது. எத்தனை பாக்கெட் வைத்திருக்க வேண்டும்? (தேனி)

ஒரு நாளைக்கு எத்தனை விற்கிறது என்று எழுதவில்லை. சேல்ஸ்மேன் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார் என்றும் எழுதவில்லை. இது இரண்டும் இல்லாவிட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஒரு நாளைக்கு 8 விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் வாரம் ஒருமுறை வருகிறார், ஆர்டர் கொடுத்த 2 நாளில் சரக்கு இறங்குகிறது. அப்படியானால் கையில் இருப்பதும் இன்று போடும் ஆர்டரும் சேர்ந்து, அடுத்த வார ஆர்டர் வந்து இறங்கும்வரை 9 நாள் தாங்க வேண்டும். அதற்கு 72 பாக்கெட். வண்டி தாமதமானால் சமாளிக்க இன்னும் 2 நாளுக்குச் சேர்த்தால் 90க்குப் பக்கம் வரும். அதில் கையிருப்பைக் கழித்துவிட்டு மீதிக்கு ஆர்டர் போடுங்கள். சம்பள வாரத்தில் விற்பனை ஒன்றரை மடங்கு என்றால் இந்தக் கணக்கும் ஒன்றரை மடங்கு.

பலர் தவறுவது ஓரிடத்தில். மாதம் 140 விற்றது என்று 30ஆல் வகுப்பார்கள்; 5 கூட வராது. ஆனால் அந்த மாதத்தில் 10 நாள் எண்ணெயே இல்லையே? சரக்கு இருந்த 20 நாளால் வகுத்தால் 7 வரும். 5 என்று நம்பி வாங்கினால் அடுத்த மாதமும் அலமாரி காலியாகத்தான் கிடக்கும்.

ரவையில் அடிக்கடி வண்டு வருகிறது. (கடலூர்)

டப்பாவில் பழைய ரவை இருக்கும்போதே புது மூட்டையை மேலே கொட்டுகிறீர்கள். அடியில் இருப்பது மாதக்கணக்கில் வெளியே வருவதே இல்லை. டப்பாவைக் காலி செய்து, துடைத்து, காயவிட்டு, அப்புறம் நிரப்புங்கள்.

ஸ்கீமில் வாங்கினால்தான் லாபம் என்கிறார் சேல்ஸ்மேன். சத்துபான பாட்டில் 24 எடுத்தால் 2 இலவசம். எடுக்கலாமா? (திண்டுக்கல்)

மாதம் 6 விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, நீங்களாவது எழுதினீர்கள்.

பாட்டில் 250 ரூபாய் என்றால் 24க்கு 6,000. இலவசத்தின் மதிப்பு 500. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 26 பாட்டில் விற்றுத் தீர 4 மாதத்துக்கு மேலாகும். அதே 6,000 எண்ணெயில் போனால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். 3 சதவீதம் லாபம் நின்றாலும் வாரம் 180. 17 வாரத்தில் 3,000. பாட்டில் விற்க விற்கப் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்பதால் அதில் பாதி என்றே வைத்தாலும் 1,500. பணம் இல்லாமல் எண்ணெய் எடுக்க முடியாமல் போகும் கடையில், 500 ரூபாய் இலவசத்துக்காக 1,500 கைவிட்டுப் போகிறது. எல்லாச் சரக்கும் குறையில்லாமல் இருந்து, பணமும் சும்மா கிடந்தால் மட்டும் ஸ்கீமைப் பற்றி யோசியுங்கள்.

நானும் கடை வைத்திருந்தபோது இதில் மாட்டியவன். மாதக் கடைசியில் வந்து, 'டார்கெட்டுக்கு ரெண்டு பெட்டி குறையுதுண்ணே' என்று ஒருவர் நின்றார். இரக்கப்பட்டு எடுத்தேன். அடுத்த மாதமே அதே பாட்டில் கிண்ணம் இலவசத்தோடு வந்தது. கிண்ணம் இல்லாததை யார் எடுப்பார்கள்? தேதி நெருங்கியதும் திருப்பி எடுக்கச் சொன்னேன். 'ஸ்கீம் சரக்கு ரிட்டர்ன் இல்லை' என்றார்கள். ஆர்டர் எழுதும்போது அதைச் சொன்னவர் யாரும் இல்லை.

ஆகவே கேட்டே தீர வேண்டியது: தேதி முடிந்தால் எடுப்பீர்களா, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், கிரெடிட் நோட் எவ்வளவுக்கு? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம், அலமாரியை எண்ணாமல் சேல்ஸ்மேனிடம் வாயைத் திறக்காதீர்கள்.

கணினியில் சோப்பு 14 என்கிறது, அலமாரியில் ஒன்றுமில்லை. மென்பொருளை மாற்றட்டுமா? (ஈரோடு)

வேண்டாம். பில் போடுபவரை ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே விலையில் நான்கு வாசனைச் சோப்பு வந்தால், ஒன்றை ஸ்கேன் செய்து '4' என்று தட்டுவார். மல்லிகையில் 3 அதிகமாகக் குறையும், சந்தனத்தில் தீர்ந்த பிறகும் கணக்கு நிற்கும். தினம் 10 சரக்கு எண்ணித் திருத்துங்கள்; 300 சரக்கு உள்ள கடை ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

ஒரு வருடமாக 30,000 ரூபாய்ச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. தீபாவளிக்குப் போய்விடுமா? (பெயர், ஊர் இல்லை)

என்ன சரக்கு, எந்தத் தேதிவரை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தேதி முடிந்ததை இன்றே அலமாரியிலிருந்து இறக்குங்கள். அதை விற்பது குற்றம். ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், அழித்த சரக்குக்கு அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், கணக்காளரிடம் சொல்லுங்கள். 2 மாதம் மிச்சம் இருப்பதை வாங்கிய விலைக்குக் கல்லாப் பக்கத்தில் வையுங்கள். தீபாவளிக்கு வருபவர் கேட்பது கடலை மாவும் நெய்யும். உங்கள் பழைய சரக்கை அல்ல.