பகை பகையால் தணியாது: தம்மபதத்தில் இந்த வாக்கின் இடம்

கேள்வி: "வெறுப்பு வெறுப்பால் ஒருபோதும் முடிவதில்லை என்ற புத்தர் வாக்கு தம்மபதத்தில் எந்த இடத்தில் வருகிறது? கோபம் பற்றிய அத்தியாயம் முழுவதும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை."

அது முதல் அத்தியாயமான யமக வர்க்கத்தின் ஐந்தாம் பாடல். தம்மபதத்தின் 423 பாடல்களும் 26 வர்க்கங்களின் ஊடாகத் தொடர் எண் பெற்றிருப்பதால், "தம்மபதம் 5" என்று குறித்தாலே போதும். பாலி மூலம் இது:

ந ஹி வேரேன வேரானி, ஸம்மந்தீத குதாசனம்;
அவேரேன ச ஸம்மந்தி, ஏஸ தம்மோ ஸனந்தனோ.

"பகைகள் பகையினால் இவ்வுலகில் எக்காலத்தும் தணிவதில்லை, பகையின்மையால்தான் தணிகின்றன, இது என்றுமுள்ள அறம்" என்பது இதன் பொருள்.

நானும் முதன்முதலில் நீங்கள் தேடிய இடத்திலேயே தேடினேன். பதினேழாவதான கோத வர்க்கத்தில் 223ஆம் பாடலைப் பார்த்ததும் அதுதான் என்று நினைத்து, குறிப்பேட்டில் அந்த எண்ணையே எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பாடல் கோபத்தைக் கோபமின்மையாலும், தீயவனை நன்மையாலும், கஞ்சனைக் கொடையாலும், பொய்யனை உண்மையாலும் வெல்லச் சொல்கிறது. அங்கே பேச்சு வெல்வதைப் பற்றியது; ஐந்தாம் பாடலில் தணிவதைப் பற்றியது. நீங்கள் திறந்து வைத்திருக்கும் பாடலில் கஞ்சனும் பொய்யனும் வந்தால், அது 223 என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குழப்பத்திற்குக் காரணம் "வெறுப்பு" என்ற சொல்தான் என்பது என் கணிப்பு. மாக்ஸ் முல்லர் உள்ளிட்டோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் வரும் சொல் தமிழில் வெறுப்பு என்று ஆகும்போது, அது மனத்தில் எழும் ஓர் உணர்ச்சியாகத் தோன்றிவிடுகிறது. மூலத்தில் உள்ள "வேர" என்ற சொல், வடமொழி "வைர" என்பதன் பாலி வடிவம். எதிரியைத் தமிழில் வைரி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் உறவு. கோபத்திற்குப் பாலியில் "கோத" என்றும், துவேஷத்திற்கு "தோஸ" என்றும் தனிச் சொற்கள் இருக்க, இங்கே பேசப்படுவது இருவருக்கிடையே நின்று வளரும் பகை. எனவே தமிழ்ப் பதிப்புகளில் "வெறுப்பு" என்று தேடுவதைவிடப் "பகை" என்று தேடினால் பாடல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அது ஏன் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது என்பது முன்னுள்ள இரண்டு பாடல்களைச் சேர்த்துப் படித்தால் விளங்கும். "என்னைத் திட்டினான், அடித்தான், வென்றான், என் பொருளைப் பறித்தான்" என்று மனத்தில் புதைத்து வைத்திருப்போரின் பகை தணிவதில்லை என்கிறது மூன்றாம் பாடல். அப்படி வைத்துக்கொள்ளாதோரின் பகை தணியும் என்கிறது நான்காம் பாடல். இந்த இரட்டைக்குப் பின் பொது விதியாக வருவதுதான் ஐந்தாவது. யமகம் என்றால் இரட்டை என்றே பொருள்.

உரைநூல் இப்பாடலுக்குச் சொல்லும் கதை, பிள்ளை இல்லாத மூத்தாள் இளையாளின் கருவைக் கலைப்பதில் தொடங்குகிறது. அந்தப் பகையில் இருவரும் பிறவிதோறும் மாறி மாறி ஒருவர் குட்டிகளை ஒருவர் தின்று, கடைசியில் ஒருத்தி யட்சிணியாகவும் மற்றவள் சாவத்தியில் குடும்பப் பெண்ணாகவும் பிறக்கிறார்கள். யட்சிணிக்கு அஞ்சி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தர் இருந்த ஜேதவனத்துக்கு ஓடிவந்த அந்தப் பெண்ணிடம், குழந்தையை யட்சிணியின் கையிலேயே கொடுக்கச் சொல்கிறார் புத்தர். பகையின்மை என்பது அங்கே வெறும் நல்லெண்ணமாக நிற்காமல், நடுங்கும் கைகளால் செய்யப்படும் ஒரு செயலாகிவிடுகிறது.

மேற்கோள் காட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இதே பாடல் புத்தர் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 128ஆவது சூத்திரத்திலும், துறவியருக்கான ஒழுங்குநூலாகிய விநயத்தின் மகாவக்கத்தில் பத்தாம் பகுதியிலும் வருகிறது. இரண்டிலும் கோசம்பியில் பிக்குகள் தங்களுக்குள் சண்டையிட்டுப் பிரிந்து நின்றதே சூழல். ஆகவே "தம்மபதத்தில் மட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாம் அடியில் "அன்பினால் தணியும்" என்றிருக்கும் மொழிபெயர்ப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்தன 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், ஜப்பானிடம் இழப்பீடு கோராமல் பேசியபோது, இந்த வாக்கை "அன்பு" என்ற சொல்லோடுதான் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வடிவமே பலருக்கும் பழக்கம். பாலியில் இருப்பது "அவேர", அதாவது பகையின்மை. தம்மபதத்தை ஒத்த வடமொழித் தொகுப்பான உதானவர்க்கத்தில் அதே இடத்தில் பொறுமையைக் குறிக்கும் "க்ஷாந்தி" நிற்கிறது. தம்மபதம் என்று பெயர் சொல்லி எடுத்துக் காட்டும்போது, "பகையின்மை" என்றே எழுதுவதுதான் மூலத்துக்கு நேர்மையானது.